இரண்டு விரலா, மூன்று விரலா? ரஷ்யத் திருச்சபை உடைந்த கதை

ரஷ்ய வரலாறு பற்றிப் பேச்சு வந்தால், “அங்கே எத்தனை விரலால் சிலுவை போடுவது என்று சண்டை போட்டே ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள்” என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். சொல்லிவிட்டு, “என்ன மூடத்தனம்!” என்று முடித்தும் விடுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. விரலைப் பற்றிய சண்டை நடந்தது உண்மை. ஆனால் அந்த விரல்களுக்குப் பின்னால் என்ன இருந்தது, யார் எதைத் திருத்தினார்கள், எந்தப் புத்தகத்தைப் பார்த்துத் திருத்தினார்கள் என்று தெரிந்துகொண்டால் அந்த மக்களை அவ்வளவு சுலபமாக ஒதுக்கித் தள்ள முடியாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கத்தோலிக்கத் திருச்சபையும் கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையும் பிரிந்ததை 1054ஆம் ஆண்டோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். நாம் பேசப்போவது அது இல்லை. இது அறுநூறு ஆண்டுகள் கழித்து, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்குள்ளேயே நடந்த பிளவு. ரஷ்ய மொழியில் இதற்கு ‘ரஸ்கோல்’ என்று பெயர். பிளவு என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். திருத்தங்களை ஏற்க மறுத்தவர்களைப் ‘பழைய நம்பிக்கையாளர்கள்’ என்கிறோம். ரஷ்ய மொழியில் ‘ஸ்தாரவேர்’ என்பார்கள்.

## கையை மடக்கிப் பாருங்கள்

படிப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு உங்கள் வலது கையை நீட்டிக்கொள்ளுங்கள். கட்டைவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றின் நுனியையும் ஒன்றாகச் சேருங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நிமிர்ந்து நிற்கட்டும். நடுவிரலை மட்டும் லேசாக வளைத்துக்கொள்ளுங்கள். 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ரஷ்யர்கள் இப்படித்தான் சிலுவை போட்டார்கள்.

இந்தக் கையில் ஒரு பாடமே அடங்கியிருக்கிறது. சேர்ந்திருக்கும் மூன்று விரல்கள் தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுளைக் குறிக்கும். நிமிர்ந்த இரண்டு விரல்கள், கிறிஸ்து ஒரே சமயத்தில் கடவுளாகவும் மனிதனாகவும் இருப்பதைக் குறிக்கும். நடுவிரலின் வளைவு, கடவுள் தாழ்ந்து பூமிக்கு இறங்கி வந்ததைக் காட்டுவதாகச் சொல்வார்கள்.

இப்போது விரல்களை மாற்றுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றையும் சேர்த்து, மற்ற இரண்டையும் உள்ளங்கையில் மடக்குங்கள். இது அந்தக் காலத்துக் கிரேக்கர்களின் முறை. திருத்தத்துக்குப் பின் ரஷ்யத் திருச்சபையின் முறையும் ஆனது. இதிலும் சேர்ந்த மூன்று விரல் மூவொரு கடவுள்தான், மடங்கிய இரண்டும் கிறிஸ்துவின் இரண்டு இயல்புகள்தான்.

அதாவது இரண்டு கைகளும் ஒரே நம்பிக்கையைச் சொல்கின்றன. எந்த விரல் எதைச் சொல்கிறது என்பதுதான் மாறியிருக்கிறது. “பிறகு சண்டை எதற்கு?” என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. அதற்கு இந்தச் சடங்கு அன்றைய மனிதருக்கு என்னவாக இருந்தது என்று தெரிய வேண்டும்.

எழுத்தறிவு அரிதாக இருந்த ஊரில் ஒரு தாய் தன் குழந்தைக்கு இறையியலை எப்படிச் சொல்லித்தருவாள்? விரலைப் பிடித்து மடக்கித்தான். அந்தக் கைதான் அவள் வைத்திருந்த புத்தகம். எனவே “இனி அப்படி மடக்காதே, அது தப்பு” என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது, “உன் தாய் சொல்லித்தந்த கடவுள் தப்பு” என்றுதான் அவள் காதில் விழுந்தது.

## ஊரை விட்டுப் போனவர்தான் பழையதை வைத்திருப்பார்

அடுத்து, இரண்டு முறைகளும் எங்கிருந்து வந்தன என்ற கேள்வி. இதற்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்.

ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். தம்பி கல்யாணமான கையோடு தூர தேசம் போய்விடுகிறார். பாட்டி விளக்கேற்றிய முறை, பண்டிகைச் சமையல், பேச்சுவழக்கு எல்லாவற்றையும் கொண்டுபோனது கொண்டுபோனபடி காப்பாற்றுகிறார். அவருக்கு அதுதானே வீடு! ஊரிலேயே இருந்த அண்ணன் வீட்டில் காலம் மெல்ல ஒவ்வொன்றாக மாற்றுகிறது. மூன்று தலைமுறை கழித்து இரண்டு வீட்டுப் பேரப்பிள்ளைகளும் சந்திக்கிறார்கள். “நீங்கள் எல்லாவற்றையும் தப்பாகச் செய்கிறீர்களே, பூர்வீக வீட்டில் நாங்கள் இப்படிச் செய்வதில்லையே” என்கிறார் அண்ணன் பேரன். அவர் பேச்சைத்தான் எல்லோரும் நம்புவார்கள். பூர்வீக வீடு அவர் கையில் இருக்கிறதே.

ரஷ்யர்கள் அந்தத் தம்பி. 988இல் அவர்கள் கிறிஸ்தவத்தைக் கான்ஸ்டான்டினோபிளிலிருந்து, அதாவது பைசாந்தியக் கிரேக்கர்களிடமிருந்து பெற்றார்கள். அந்தக் காலத்தில் கிரேக்கர்களிடையே இரண்டு விரல் முறை பரவலாக இருந்தது. ரஷ்யர்கள் அதை வாங்கிக்கொண்டு அப்படியே வைத்திருந்தார்கள். பின்வந்த நூற்றாண்டுகளில் கிரேக்கர்கள் மூன்று விரலுக்கு மாறினார்கள், வழிபாட்டு ஒழுங்குகள் சிலவற்றையும் மாற்றிக்கொண்டார்கள்.

இது அன்று யாருக்கும் தெரியவில்லை. தூரத்தில் இருக்கும் ரஷ்யர்கள்தான் புத்தகங்களைப் படியெடுக்கும்போது தப்பும் தவறுமாக எழுதி, மூலத்திலிருந்து விலகிவிட்டார்கள் என்று திருத்தம் செய்தவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். மாஸ்கோ இறையியல் கல்லூரிப் பேராசிரியர் நிகலாய் காப்தெரெவ் 1887இல் சான்றுகளோடு இதற்கு நேர்மாறாக எழுதத் தொடங்கினார். பல இடங்களில் ரஷ்ய வழக்கம்தான் பழைய கிரேக்க வழக்கம், மாறியவர்கள் கிரேக்கர்கள்தான் என்றார். பெரிய எதிர்ப்பு எழுந்து, அவருடைய கட்டுரைத் தொடர் பாதியில் நின்றது. பிறகு அந்த ஆய்வு நிலைத்துவிட்டது.

இதுவரை சொன்னதைச் சுருக்கிக்கொள்வோம். இரண்டு முறையும் ஒரே கோட்பாட்டைத்தான் சொல்கின்றன. பெரும்பாலும் பழையது ரஷ்ய முறை, புதியது கிரேக்க முறை. ஆனால் திருத்தம் வந்தபோது “பழமைக்குத் திரும்புகிறோம்” என்ற பெயரில்தான் வந்தது.

## திருத்தம் ஏன் வந்தது?

1640களின் இறுதியில் மாஸ்கோவில் பக்தியில் தீவிரமான ஒரு சிறு குழு இருந்தது. ஜாரின் ஆன்ம குரு ஸ்டெபான் வொனிபாத்தியெவ், இவான் நெரோனொவ் என்ற பாதிரியார், அவ்வாக்கும் என்ற கிராமத்துப் பாதிரியார், நிகோன் என்ற துறவி ஆகியோர் அதில் இருந்தார்கள். குடி ஒழிய வேண்டும், கோயிலில் ஆறு பேர் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஜெபங்களைக் கடகடவென்று படித்துத் தள்ளும் வழக்கம் போக வேண்டும், பாதிரியார்கள் ஒழுங்காகப் பிரசங்கம் செய்ய வேண்டும் என்பது அவர்கள் ஆசை. பின்னாளில் ஒருவரையொருவர் அழித்தவர்கள் ஒரே குழுவில் நண்பர்களாகத் தொடங்கினார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1652இல் நிகோன் பேட்ரியார்க் ஆனார். பேட்ரியார்க் என்றால் ரஷ்யத் திருச்சபையின் தலைவர். விவசாயக் குடும்பத்தில் பிறந்து அந்த இடத்துக்கு ஏறியவர். உறுதியானவர், பொறுமை இல்லாதவர். ஜார் அலெக்சேய் மிகைலோவிச் அவரைத் தனக்கு நெருங்கிய நண்பராக வைத்திருந்தார்.

ஜாருக்கு ஒரு பெரிய கனவு இருந்தது. 1453இல் கான்ஸ்டான்டினோபிள் துருக்கியர் கையில் விழுந்த பிறகு, சுதந்திரமாக நின்ற பெரிய ஆர்த்தடாக்ஸ் அரசு ரஷ்யா ஒன்றுதான். உதவி கேட்டு மாஸ்கோ வந்த கிரேக்க ஆயர்கள், உலக ஆர்த்தடாக்ஸ் மக்களுக்கெல்லாம் ஜார்தான் காவலர் என்றார்கள். 1654இல் உக்ரைனியக் கோசாக்குகளும் ஜாரின் பாதுகாப்பை ஏற்றார்கள். கீவ் நகரத்தில் வழிபாட்டு வழக்கம் கிரேக்க முறைக்கு நெருக்கமாக இருந்தது. எல்லோரையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவர வேண்டுமானால் எல்லோரும் ஒரே மாதிரி வழிபட வேண்டும் என்று மாஸ்கோவில் நினைத்தார்கள். அது கிரேக்கரைப் போல இருக்க வேண்டும் என்றும் முடிவு செய்தார்கள்.

சாதாரண ரஷ்யருக்கோ கிரேக்கர் மேல் பெரிய சந்தேகம். 1439இல் பிளாரன்ஸ் நகரத்தில் கிரேக்கத் தலைவர்கள் ரோமுடன் சேர ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார்கள். பதினான்கு ஆண்டுகளில் அவர்கள் நகரமே போய்விட்டது. அது கடவுளின் தண்டனை என்று ரஷ்யர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்தவர்கள். உண்மையான நம்பிக்கை இனி மாஸ்கோவில்தான் மிச்சமிருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். அவர்களிடம் போய் “கிரேக்கரைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்” என்றால் எப்படி இருக்கும்!

## ஒரு சுற்றறிக்கை

1653 பிப்ரவரி. பெரிய நோன்புக்காலம் தொடங்கப்போகிறது. மாஸ்கோ கசான் தேவாலயத்தில் இருந்த நெரோனொவுக்கு நிகோனிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வருகிறது. நோன்புக்கால ஜெபம் ஒன்றில் தரையில் விழுந்து வணங்குவதைக் குறைத்து, நான்கு முறை மட்டும் விழுந்து, மற்றதற்கு இடுப்பு வரை குனிந்தால் போதும் என்றது அது. மூன்று விரலால் சிலுவை போட வேண்டும் என்றும் சொன்னது. திருச்சங்கம் கூட்டவில்லை, யாரையும் கலந்து பேசவில்லை.

திருச்சங்கம் என்றால் ஆயர்கள் கூடி முடிவெடுக்கும் சபை. இங்கே அது முக்கியம். ஏனென்றால் 1551இல் கூடிய ‘ஸ்டோக்லாவ்’ என்ற திருச்சங்கம் இரண்டு விரலால் சிலுவை போடாதவர்களைச் சபித்திருந்தது. ஒரு சபையின் தீர்ப்பை ஒரு தனி மனிதர் கடிதம் போட்டு மாற்றுகிறார். அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் குளிர்காலம் வருகிறது என்று புரிந்தது, நெஞ்சு உறைந்து கால் நடுங்கியது என்று அவ்வாக்கும் பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். அவரும் நண்பர்களும் எதிர்த்து மனு எழுதினார்கள். அந்த ஆண்டிலேயே அவ்வாக்கும் குடும்பத்தோடு சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார்.

## புத்தகத்தில் என்ன மாறியது?

1654இல் நிகோன் ஒரு திருச்சங்கத்தைக் கூட்டினார். பழைய கிரேக்க, ஸ்லாவோனிக் கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்து வழிபாட்டு நூல்களைத் திருத்துவது என்று அங்கே முடிவானது. ஸ்லாவோனிக் என்பது ரஷ்யர்களின் வழிபாட்டு மொழி. முடிவு நல்ல முடிவுதான். ஆர்சேனி சுகானொவ் என்பவர் கிரேக்கத்தின் ஆதோஸ் மலை மடங்களுக்குப் போய் ஏறக்குறைய 500 கையெழுத்துப் பிரதிகளை மாஸ்கோவுக்குக் கொண்டுவரவும் செய்தார்.

ஆனால் 1655இல் அச்சான திருப்பலி நூலைப் பின்னாளைய ஆய்வாளர்கள் வரிவரியாக ஒப்பிட்டபோது அதன் மூலம் வேறு என்று தெரிந்தது. 1602இல் வெனிஸ் நகரத்தில் அச்சான கிரேக்க நூலைத்தான் திருத்தியவர்கள் முதன்மையாக வைத்திருந்தார்கள். கீவ் பக்கத்து நூல்களையும் எடுத்தாண்டார்கள். துருக்கியர் ஆட்சியில் கிரேக்கர்கள் தங்கள் நூல்களை அச்சிட வெனிஸ் போக வேண்டியிருந்தது. வெனிஸ் கத்தோலிக்க நகரம். பழைய பிரதிகள் மாஸ்கோவில் அடுக்கி வைத்திருக்க, கத்தோலிக்க நகரத்தில் ஐம்பது ஆண்டுக்கு முன் அச்சடித்த புத்தகத்தைப் பார்த்துத் திருத்தினால், “இதுவா பழமை?” என்று கேட்கத்தானே செய்வார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டவர்களைத்தான் நாம் படிக்காத கூட்டம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மாற்றங்கள் நிறைய. மூன்றை மட்டும் அருகில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, இயேசுவின் பெயர். பழைய நூல்களில் ‘ஈசுஸ்’ என்று ஒரே இகரத்தோடு இருக்கும். புதிய நூலில் கிரேக்க எழுத்துமுறையைப் பார்த்து ‘இஈசுஸ்’ என்று இரண்டு இகரம் ஆனது. செர்பியர்கள் இன்றும் ஒரே இகரத்தோடுதான் சொல்கிறார்கள். மொழி வழக்கு சார்ந்த வேறுபாடுதான். ஆனால் ஒவ்வொரு நாளும் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபிக்கும் ஒருவருக்கு, பெயரே மாறினால் வேறு யாரையோ கூப்பிடுவதுபோல இருக்கும்.

இரண்டாவது, விசுவாசப் பிரமாணம். கிறிஸ்தவ நம்பிக்கையை வரிவரியாக அறிக்கையிடும் ஜெபம் இது. அதில் கிறிஸ்துவைப் பற்றிப் பழைய நூலில் “பிறந்தவர், ஆனால் படைக்கப்பட்டவர் அல்லர்” என்று இருந்தது. புதிய நூலில் அந்த ‘ஆனால்’ போய்விட்டது. ஸ்லாவோனிக்கில் அது ஒரே ஒரு எழுத்து: ‘а’. “ஒரு எழுத்துக்காகவா சாவார்கள்” என்று கேலி செய்பவர்கள் குறிப்பிடுவது இந்த எழுத்தைத்தான். அது ஏன் வலித்தது என்று யோசித்தால் விளங்கும். பழங்காலத்தில் ஆரியுஸ் என்பவர் கிறிஸ்து படைக்கப்பட்டவர் என்று போதித்தார். அந்தப் போதனைக்கு எதிராகத்தான் அந்த வரி எழுதப்பட்டது. எதிர்ப்பைத் தூக்கிக் காட்டும் சொல்லாகத்தான் மக்கள் அந்த ‘ஆனால்’ என்பதைப் பார்த்தார்கள்.

மூன்றாவதும் அதே ஜெபத்தில்தான். “தூய ஆவியானவர், ஆண்டவர், மெய்யானவர், உயிரளிப்பவர்” என்று பழைய நூல் சொன்னது. புதியதில் ‘மெய்யானவர்’ நீங்கியது. இந்த இடத்தில் திருத்தியவர்கள் பக்கம் நியாயம் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். கிரேக்கத்தில் ஒரே சொல்தான் இருக்கிறது. அதை ஒருவர் ‘ஆண்டவர்’ என்றும் இன்னொருவர் ‘மெய்யானவர்’ என்றும் பெயர்த்திருக்கிறார்கள், பின்னால் இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்று 1551 திருச்சங்கமே சொல்லியிருக்கிறது. ஆகவே பழைய நூல்களில் பிழையே இல்லை என்பதும் சரியில்லை. பழைய நம்பிக்கையாளர்கள் இன்றும் ‘மெய்யானவர்’ என்று சேர்த்தே சொல்கிறார்கள்.

இவை தவிர அல்லேலூயாவை இரண்டு முறைக்குப் பதில் மூன்று முறை பாடுவது, பவனி சூரியன் போகும் திசையில் போகாமல் எதிர்த் திசையில் சுற்றுவது, திருப்பலிக்கு ஏழு அப்பத்துக்குப் பதில் ஐந்து வைப்பது என்று பலவும் மாறின. நிகோன் காலத்திலேயே திருப்பலி நூல் திரும்பத் திரும்ப அச்சானது. ஆறு தடவை அச்சடித்தும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லையே என்பது எதிர்த்தவர்களின் பெரிய குறை.

## சடங்கு வேறுபட்டால் நம்பிக்கை கெடுமா?

இந்தக் கேள்விக்கு அன்றே ஒரு தெளிந்த பதில் கிடைத்தது. நிகோன் கான்ஸ்டான்டினோபிள் பேட்ரியார்க் பைசியுஸுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பியிருந்தார். 1655இல் பதில் வந்தது. முக்கியமான கோட்பாடுகளில் ஒன்றாக இருந்தால் போதும், சின்னச் சின்ன வழக்கங்களில் வேறுபாடு இருப்பதால் நம்பிக்கைக்குக் கேடில்லை என்ற பொருளில் அவர் எழுதியிருந்தார். யாரைப் பின்பற்றுகிறோம் என்று சொன்னார்களோ அந்தக் கிரேக்கத் தலைவரே சொன்ன இந்தப் புத்தியை மாஸ்கோவில் கேட்கவில்லை.

1656இல் திருச்சங்கம் இரண்டு விரலால் சிலுவை போடுபவர்களைச் சபித்தது. திருத்தத்தை எதிர்த்த ஆயர் ஒருவர் இருந்தார்: கொலொம்னா நகரத்து பாவெல். அவரை நிகோன் பதவியிலிருந்து நீக்கி நாடு கடத்தினார். 1656இல் அவர் இறந்தார். இந்த ஒரு மனிதரின் சாவு எவ்வளவு பெரிய விளைவை உண்டாக்கியது என்று பிறகு பார்ப்போம்.

வேதனை என்னவென்றால், நிகோனுக்கே இந்த வேகம் தணிந்துவிட்டது. பணிந்து வந்த நெரோனொவிடம் 1657இல், பழைய நூலும் நல்லதுதான், புதிய நூலும் நல்லதுதான், எதை வைத்து வேண்டுமானாலும் திருப்பலி செய்துகொள் என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தையை அவர் எல்லோருக்கும் சொல்லியிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியே இருந்திருக்காது. 1658இல், அதிகாரம் யாருக்குப் பெரியது என்ற தகராறில் ஜாரோடு முறித்துக்கொண்டு மாஸ்கோவை விட்டுப் போனார்.

அப்போது திருத்தமும் கூடப் போயிருக்க வேண்டும் என்று தோன்றும். போகவில்லை. ஜார் அதைத் தன் காரியமாக எடுத்துக்கொண்டார். 1666–67இல் மாஸ்கோவில் பெரிய திருச்சங்கம் கூடியது. அலெக்சாந்திரியா, அந்தியோக்கியா பேட்ரியார்க்குகள் இருவரும் வந்திருந்தார்கள். 1666 டிசம்பரில் அந்தச் சபை நிகோனைப் பதவி நீக்கியது. 1667 மே மாதம், புதிய நூல்களை ஏற்காதவர்களைத் திருச்சபைக்கு வெளியே தள்ளிச் சபித்தது. 1551 திருச்சங்கம் அறியாமையில் முடிவெடுத்துவிட்டது என்று சொல்லி அதன் தீர்ப்பையும் ரத்து செய்தது.

பிளவு நடந்த நாள் எது என்று கேட்டால் நான் 1653ஐச் சொல்லமாட்டேன், இந்த 1667ஐத்தான் சொல்வேன். அதற்கு முன் நடந்தது கருத்து வேறுபாடு. இந்தச் சாபத்துக்குப் பிறகு, இரண்டு விரலால் சிலுவை போட்டே புனிதர் ஆன ரஷ்ய முன்னோர்களும் பழிக்கு உள்ளாகிறார்கள் என்ற நிலை வந்தது. “அவர்கள் எல்லாம் தப்பு என்றால், அவர்களைப் புனிதர் என்று கும்பிடுவது ஏன்?” என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். அதற்கு நேரான பதில் வரவில்லை. 1666 என்ற எண்ணுக்கும் ஒரு வேலை இருந்தது. விவிலியத்தில் 666 என்பது கடைசிக்கால மிருகத்தின் எண். எனவே பலருக்கு இது உலக முடிவின் தொடக்கமாகவே தெரிந்தது.

இந்தப் பகுதியின் சாரம் இதுதான்: திருத்தத்தைத் தொடங்கியவர் நிகோன். அதைப் பிளவாக்கியது, அவரையே நீக்கிய திருச்சங்கமும், அதற்குப் பின்னால் நின்ற அரசின் கையும்.

## மறுத்தவர்கள்

வடக்கே வெள்ளைக் கடல் தீவில் சொலோவெத்ஸ்கி மடம் இருக்கிறது. அங்கிருந்த துறவிகள் புதிய நூல்களை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டு, நாங்கள் பழைய முறையிலேயே வழிபடுகிறோம் என்று ஜாருக்கு மனுமேல் மனு எழுதினார்கள். 1668இல் படை வந்தது. கனத்த கல் மதில்களுக்குள் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்தார்கள். ஒரு துறவி ரகசிய வழியைக் காட்டிக்கொடுக்க, 1676 ஜனவரியில் மடம் விழுந்தது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலானோர் கொல்லப்பட்டார்கள். அது நடந்து ஒரு வாரத்தில் ஜார் அலெக்சேய் இறந்துபோனார். பழைய நம்பிக்கையாளர்கள் அந்த ஒரு வாரத்தை மறக்கவே இல்லை.

மறுத்தவர்கள் எல்லோரும் ஏழை விவசாயிகள் என்ற எண்ணத்துக்குப் பியோதோசியா மொரோசோவாவே மறுப்பு. ரஷ்யாவின் பெரும் பணக்காரப் பிரபுக் குடும்பத்து விதவை, அரண்மனையில் செல்வாக்கு உள்ளவர். சைபீரியாவிலிருந்து திரும்பிய அவ்வாக்கும் அவருடைய ஆன்ம வழிகாட்டி. 1671இல் அவரையும் அவர் தங்கை எவ்தோக்கியாவையும் கைது செய்தார்கள். பொரோவ்ஸ்க் என்ற ஊரில் மண்ணில் தோண்டிய குழியில் அடைத்து வைத்தார்கள். 1675இல் இருவரும் பட்டினியால் அந்தக் குழியிலேயே இறந்தார்கள். ஓவியர் சூரிகொவ் 1887இல் தீட்டிய ஓவியத்தில், பனிச்சறுக்கு வண்டியில் சங்கிலியோடு இழுத்துச் செல்லப்படும் மொரோசோவா கையை உயர்த்துகிறார். அந்தக் கையில் எத்தனை விரல் நிமிர்ந்திருக்கிறது என்று இப்போது உங்களுக்குப் பார்க்கத் தெரியும். தெருவோரம் உட்கார்ந்திருக்கும் பரதேசி ஒருவரும் அதே இரண்டு விரலால் அவருக்குப் பதில் சொல்கிறார்.

அவ்வாக்கும் வட துருவப் பக்கம் புஸ்தோசேர்ஸ்க் என்ற ஊரில் மண் சிறையில் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் கிடந்தார். அங்கிருந்துதான் தன் வாழ்க்கையை எழுதினார். அன்றைய வழக்கப்படி சபை மொழியில் எழுதாமல், மக்கள் பேசுகிற ரஷ்ய மொழியில் எழுதினார். 1682 ஏப்ரலில் அவரையும் தோழர்கள் மூவரையும் உயிரோடு எரித்தார்கள்.

1685இல் இளவரசி சோபியாவின் ஆட்சியில் வந்த சட்டம் பிடிவாதமாக மறுப்பவர்களை எரிக்கச் சொன்னது. மறைத்து வைப்பவர்களுக்கும் தண்டனை. இந்தச் சூழலில்தான் படை நெருங்கும்போது மக்கள் கூட்டமாகத் தீயில் மாய்ந்த கொடுமைகள் நடந்தன. இதைப் பழைய நம்பிக்கையின் போதனை என்று நினைப்பது பெரிய தவறு. அவர்களுள் ஒருவரான எவ்ப்ரோசின் என்ற துறவியே 1691இல் இதைக் கடுமையாகக் கண்டித்து நூல் எழுதினார். பெரும்பாலானோர் செய்தது வேறு. காட்டுக்கும், சைபீரியாவுக்கும், எல்லை தாண்டியும் போய்ப் பிழைத்தார்கள்.

## பாதிரியார் இல்லாத சபை

இப்போது கொலொம்னா பாவெலிடம் திரும்புவோம். ஆர்த்தடாக்ஸ் முறையில் பாதிரியார் ஒருவரை ஆயர்தான் திருநிலைப்படுத்த முடியும். ஆயரை உருவாக்க ஏற்கெனவே இருக்கும் ஆயர்கள் வேண்டும். ஒரு அகல் விளக்கிலிருந்துதான் அடுத்த விளக்கை ஏற்ற முடியும் என்பதுபோல. பழைய நம்பிக்கையாளர்கள் பக்கம் இருந்த அந்த ஒரே விளக்கு 1656இலேயே அணைந்துவிட்டது. அப்புறம் பழைய பாதிரியார்கள் வயதாகி ஒவ்வொருவராக இறந்தபோது, அடுத்த பாதிரியார் எங்கிருந்து வருவார்?

இந்த ஒரு கேள்வியே அவர்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு சாரார், திருத்தம் ஏற்ற சபையிலிருந்து விலகி வரும் பாதிரியார்களை ஏற்றுக்கொள்ளலாம் என்றார்கள். இவர்கள் ‘பாதிரியார் உள்ளோர்’. இரு நூற்றாண்டு தேடலுக்குப் பின் 1846இல், பதவி இழந்திருந்த பொஸ்னியாவின் முன்னாள் கிரேக்கத் தலைமை ஆயர் அம்ப்ரோஸ், ஆஸ்திரியப் பேரரசில் இருந்த பேலயா கிரினித்ஸா என்ற ஊருக்கு வந்து இவர்களோடு சேர்ந்தார். விளக்கு மறுபடி ஏறியது. அந்த ஊர் இப்போது உக்ரைனில் இருக்கிறது.

இன்னொரு சாரார், அந்தச் சபையின் திருநிலைப்பாடே செல்லாது, உண்மையான பாதிரியார்கள் உலகில் இனி இல்லை என்றார்கள். இவர்கள் ‘பாதிரியார் இல்லாதோர்’. யோசித்துப் பாருங்கள்: ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டோம் என்று புறப்பட்டவர்கள், திருப்பலியே இல்லாமல் வாழ வேண்டியதாயிற்று. திருமுழுக்கையும் பாவ அறிக்கையையும் ஊர்ப் பெரியவர் ஒருவர் நடத்தினார். கல்யாணம்தான் பெரிய சிக்கல். பாதிரியார் இல்லாமல் திருமணம் செல்லுமா? செல்லாது, எல்லோரும் துறவிகளைப்போல வாழ வேண்டும் என்று சிலர் பிடிவாதமாக நின்றார்கள். பெற்றோர் ஆசியும் சபையின் ஜெபமும் போதும் என்று வேறு சிலர் காலப்போக்கில் ஏற்றுக்கொண்டார்கள்.

இவர்களின் ஜெபவீட்டுக்குள் போனால் வித்தியாசம் உடனே தெரியும். ஆர்த்தடாக்ஸ் கோயிலில் திருவுருவங்கள் நிறைந்த தடுப்புச் சுவருக்குப் பின்னால் பலிபீடம் இருக்கும். இங்கே திருவுருவங்கள் கிழக்குச் சுவரிலேயே சார்ந்திருக்கும். பின்னால் போக அறை இல்லை. பலி ஒப்புக்கொடுக்க ஆள் இல்லாததால் பீடமும் இல்லை.

மற்றபடி வாழ்க்கை முறை இரு சாராருக்கும் நெருக்கமானதுதான். தோலில் செய்த ‘லேஸ்தொவ்கா’ என்ற ஜெபப்பட்டையை விரலால் தள்ளி வணக்கங்களை எண்ணுவார்கள். தரையில் விழுந்து வணங்கும்போது கை அழுக்காகாமல் இருக்க ‘பொத்ருச்னிக்’ என்ற சின்னச் சதுர மெத்தையை விரித்துக்கொள்வார்கள்.

## சாபம் நீங்கிய பிறகு

பேதுரு பேரரசர் 1716இல் எரிப்பதற்குப் பதில் வரியைப் பிடித்துக்கொண்டார்: பதிவு செய்துகொள், இரட்டை வரி கட்டு, இருந்துகொள். பின்வந்தவர்கள் சில காலம் தளர்த்தினார்கள், சில காலம் இறுக்கினார்கள். மாஸ்கோவில் பாதிரியார் உள்ளோரின் மையமான ரகோஷ்ஸ்கோயே கோயில்களின் பலிபீடங்களை 1856இல் அரசு முத்திரையிட்டு மூடியது. 1905 ஏப்ரலில் மதச் சகிப்புச் சட்டம் வந்த பிறகுதான் அந்த முத்திரைகளை உடைத்தார்கள். இடையில் 1897 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 22 லட்சம் பேர் பழைய நம்பிக்கையாளர்களாகப் பதிவானார்கள். மறைந்து வாழ்ந்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. இன்று ருமேனியாவின் தன்யூப் கழிமுகத்திலும், அமெரிக்காவின் ஒரிகன், அலாஸ்கா மாநிலங்களிலும், பிரேசிலிலும் அவர்களின் ஊர்கள் இருக்கின்றன.

1971இல் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் திருச்சங்கம் 1667 சாபத்தை நீக்கியது. பழைய சடங்கும் புதிய சடங்கைப்போலவே மீட்புக்கு வழிதான் என்று அறிவித்தது. 304 ஆண்டுகள் ஆகியிருந்தன. இரு சபைகளும் அதனால் ஒன்றாகிவிடவில்லை. சாபம் முதலிலிருந்தே செல்லாது என்பதுதான் பழைய நம்பிக்கையாளர்களின் நிலை. செல்லாத ஒன்றை நீக்கிவிட்டதாகச் சொன்னால் அவர்கள் எதை ஏற்றுக்கொள்வார்கள்?

ஈஸ்டர் இரவில் ரகோஷ்ஸ்கோயேயில் மெழுகுதிரி ஏந்தி மக்கள் கோயிலைச் சுற்றி வருகிறார்கள். இன்றும் சூரியன் போகும் திசையில்தான்.